பூட்டிய ஸ்விட்சைத் திறக்கும் நீல கேபிள்

எந்த அலுவலகத்திலும் யாரும் ஏறிட்டுப் பார்க்காத பெட்டி ஒன்று இருக்கும். மாடிப்படிக்கு அடியிலோ ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலோ ஓர் இரும்பு ரேக்கில் மாட்டியிருப்பார்கள். முன்பக்கம் வரிசையாக 24 போர்ட்டுகள், அவற்றில் செருகிய கேபிள்கள், விடாமல் மினுக்கும் பச்சை விளக்குகள். அதுதான் நெட்வொர்க் ஸ்விட்ச். கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா, வைஃபை கருவி எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இதன் வழியாகத்தான். இதற்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரும் வேலையை விட்டுப் போயிருப்பார்.

போனால் என்ன? உடனடியாக ஒன்றும் ஆகாது. பாஸ்வேர்டு தெரிந்தவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்விட்ச் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். வருடக்கணக்கில் அப்படியே ஓடுகிற ஸ்விட்சுகள் உண்டு. சிக்கல் வருவது, அதில் ஏதாவது மாற்ற வேண்டிய அன்றைக்கு. ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அங்கே சிஸ்கோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் 2960 வகை ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. அலுவலகக் கணினிகள் 10 என்ற எண்ணுள்ள வி-லேனில், ஆய்வகக் கணினிகள் 20-இல். ஒரே பெட்டிக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகள்போல இயங்கும்படி பிரித்து வைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் வி-லேன் என்று பெயர். இப்போது புதிதாக கேமராக்கள் வாங்கியிருக்கிறார்கள். அவற்றை 30 என்ற மூன்றாவது வி-லேனில் போட வேண்டும். லாகின் செய்யப் பார்த்தால் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை.

புதிய ஸ்விட்ச் வாங்கிவிடலாம் என்று விற்பனையாளர் சொல்வார். வேண்டாம். பெட்டி உங்களுடையது, கை அருகிலேயே இருக்கிறது என்றால், உள்ளே இருக்கும் அமைப்பு எதையும் இழக்காமல் பாஸ்வேர்டை மாற்ற முடியும். சிஸ்கோவே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் முறைதான் இது. ஒரு லேப்டாப்பும் வெளிர்நீல நிறத்தில் தட்டையாக இருக்கும் ஒரு கேபிளும் போதும். ஒரே நிபந்தனை, வேலையை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். ஒரு படி முன்னுக்குப் பின்னாகப் போனால், பாஸ்வேர்டோடு சேர்ந்து அந்த ஸ்விட்சின் மொத்த அமைப்பும் போய்விடும்.

முதலில் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இந்த ஸ்விட்சுக்குள் மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகம் இருக்கிறது. அதில் `config.text` என்றொரு கோப்பு. எந்த போர்ட் எந்த வி-லேனில், ஸ்விட்சின் பெயர் என்ன, ஐ.பி. முகவரி என்ன, பாஸ்வேர்டு என்ன என்பதெல்லாம் அந்த ஒரே கோப்பில்தான். ஸ்விட்ச் எழும்போது அதைப் படித்து, தன் செயல் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். அதன் பிறகு அந்தக் கோப்பை அது திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தக் கோப்பைத் திறந்து பாஸ்வேர்டைப் படித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. முக்கியப் பாஸ்வேர்டு அதில் அப்படியே எழுதப்படுவதில்லை. ஒருவழிக் கணக்கில் அரைத்து, அதன் முடிவாக வரும் எழுத்துக் குவியலை மட்டும் எழுதி வைக்கிறார்கள். முடிவிலிருந்து மூலத்துக்குத் திரும்பும் வழி அந்தக் கணக்கில் இல்லை. `password 7` என்று தொடங்கும் பழைய வகை மட்டும் விதிவிலக்கு. அது வெறும் மறைப்புதான், நொடியில் அவிழ்த்துவிடலாம். ஆகவே பழைய நிர்வாகி எங்காவது இந்தக் கோப்பின் நகலை வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா என்று முதலில் தேடுவது நல்லது. கிடைத்தால் சில சமயம் இந்த வேலையே மிச்சம்.

கிடைக்காவிட்டால், பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். நாம் செய்யப்போவது வேறு. அந்தக் கோப்பைப் படிக்காமலேயே ஸ்விட்சை எழ வைக்கப் போகிறோம். கோப்பு இல்லையென்றால் பாஸ்வேர்டும் இல்லை, கேள்வி கேட்காமல் நம்மை உள்ளே விடும். உள்ளே நுழைந்த பிறகு, இப்போது கோப்பைப் படி என்று நாமே சொல்லப் போகிறோம். அமைப்பு முழுவதும் திரும்பி வரும், பழைய பாஸ்வேர்டும் கூடவே வரும். ஆனால் பாஸ்வேர்டு என்பது வாசலில் கேட்கும் கேள்வி. வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். உள்ளிருந்தபடியே பூட்டை மாற்றிவிடலாம். முழு வித்தையும் இதுதான்.

இதை நெட்வொர்க் வழியாகச் செய்ய முடியாது. அமைப்பைப் படிக்காத ஸ்விட்சுக்கு ஐ.பி. முகவரி ஏது? அதற்காகத்தான் கன்சோல் போர்ட். 2960-இல் இது பின்பக்கம் இருக்கிறது. பார்ப்பதற்கு மற்ற நெட்வொர்க் போர்ட்டுகள் மாதிரியே இருந்தாலும், அதில் ஓடுவது வேறு. ஒரு பிட்டுக்குப் பின் ஒரு பிட்டாக எழுத்துகளை அனுப்பும் பழங்கால சீரியல் இணைப்பு அது. விநாடிக்கு 9600 பிட், அதாவது ஏறக்குறைய 960 எழுத்து. இன்றைய கணக்குக்கு ஆமை வேகம்தான். ஆனால் ஸ்விட்சின் இயங்குதளம் எழுவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிடுவது இந்த ஒரு வாசல்தான்.

நீல கேபிளின் ஒரு முனை கன்சோல் போர்ட்டில் செருகும். மறுமுனையில் ஒன்பது துளைகள் உள்ள பழைய சீரியல் கனெக்டர் இருக்கும். இன்றைய லேப்டாப்பில் அதற்கு இடமில்லை என்பதால் நடுவில் ஒரு யு.எஸ்.பி. சீரியல் அடாப்டர் வேண்டும். சாதாரண நெட்வொர்க் கேபிளை கன்சோலில் செருகிவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. செருகத் தோதாக இருக்கும், வேலை செய்யாது. கன்சோல் கேபிளுக்குள் கம்பிகளின் வரிசையே வேறு.

என் அனுபவத்தில் இந்த வேலையில் பாதி நேரத்தைத் தின்பது ஸ்விட்ச் அல்ல, இந்த அடாப்டர்தான். லேப்டாப்பில் செருகியதும் விண்டோஸின் `Device Manager` பட்டியலில் `COM3`, `COM5` என்பதுபோல ஓர் எண்ணுடன் அது தெரிய வேண்டும். மஞ்சள் ஆச்சரியக்குறியோடு `Code 10` என்று வந்தால் டிரைவர் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். மலிவு விலையில் விற்கும் போலி சிப் அடாப்டர்களில் இது அடிக்கடி வரும். அதோடு மல்லுக்கட்டாமல் நல்ல அடாப்டர் ஒன்றைக் கடன் வாங்குவதே புத்திசாலித்தனம்.

பிறகு `PuTTY` போன்ற ஏதாவது டெர்மினல் மென்பொருளைத் திறந்து, `Serial` என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த `COM` எண்ணைக் கொடுக்க வேண்டும். வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி கிடையாது, ஸ்டாப் பிட் 1. ஃப்ளோ கண்ட்ரோல் என்ற இடத்தில் `None`. இந்தக் கடைசி அமைப்பைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். அது தவறாக இருந்தால் ஸ்விட்ச் சொல்வதெல்லாம் திரையில் ஒழுங்காக வரும், நாம் தட்டும் எழுத்து மட்டும் போய்ச் சேராது. ஸ்விட்ச் உறைந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு முறை மின்சாரத்தைப் பிடுங்குவார்கள். வேகம் பொருந்தவில்லை என்றால் அடையாளம் வேறு, திரையில் கேள்விக்குறியும் கட்டமுமாகக் குப்பை கொட்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் `COM` எண் தவறு, அல்லது கேபிள் தவறு.

ஆகவே ஸ்விட்சில் கை வைப்பதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்சோலை இணைத்து எண்டர் தட்டிப் பாருங்கள். `Password:` என்றோ `Username:` என்றோ கேட்டு, நாம் தட்டுவதற்குப் பதில் சொன்னால் பாதை சரியாக இருக்கிறது. பூட்டிய கதவு நம்மிடம் பேசுகிறது, அதுவே இப்போதைக்குப் போதும்.

இனி ஸ்விட்சை அணைக்க வேண்டும். அதற்கு முன் யோசிக்க வேண்டியவை இரண்டு. நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, யாரும் வேலை செய்யாத நேரமாகப் பார்த்து, முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள் என்பது ஒன்று. இன்னொன்று பலர் அறியாதது. பழைய நிர்வாகி ஏதாவது மாற்றம் செய்துவிட்டு அதைச் சேமிக்காமல் போயிருந்தால், அந்த மாற்றம் செயல் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். மின்சாரத்தைப் பிடுங்கியதும் அது காணாமல் போகும். மறுநாள் காலையில் ஒரு பிரின்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்று யாராவது வந்து நின்றால், காரணம் நீங்கள் செய்த மீட்பு அல்ல, அவர் செய்யாத சேமிப்பு. எந்த போர்ட்டில் எந்தக் கேபிள் என்று இப்போதே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அப்போது கைகொடுக்கும்.

மற்ற ஸ்விட்சுகளுக்குப் போகும் மேலிணைப்புக் கேபிளையும் தற்காலிகமாகக் கழற்றிவிடுவது என் பழக்கம். காரணம் உண்டு. அமைப்பில்லாமல் எழும் ஸ்விட்சில் எல்லா போர்ட்டுகளும் வி-லேன் 1-இல் வந்து விழும். அலுவலகமும் ஆய்வகமும் பிரிந்திருந்த சுவர் அந்த சில நிமிடங்களுக்கு இருக்காது. அந்த நிலையில் மற்ற நெட்வொர்க்கோடு அதைச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை.

இந்த ஸ்விட்சில் ஆன்-ஆஃப் பொத்தான் கிடையாது. பின்பக்கம் பவர் கார்டைப் பிடுங்கித்தான் அணைக்க வேண்டும். நமக்கு வேண்டிய மோட் பட்டனோ முன்பக்கம் இடது ஓரத்தில் இருக்கிறது. ரேக்கின் ஆழத்தைப் பொறுத்து இரண்டையும் ஒருவரே எட்டுவது கஷ்டம். அதனால் இதற்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பின்னால் கார்டைப் பிடுங்கி மறுபடி செருகுவார். முன்னால் நிற்பவர், செருகிய 15 விநாடிக்குள், சிஸ்டம் விளக்கு பச்சையில் மினுக்கிக்கொண்டிருக்கும்போதே மோட் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். “தம்பி, நான் சொல்ற வரைக்கும் விட்ராதே” என்று மூத்தவர் குரல் கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான். விளக்கு ஒரு கணம் ஆரஞ்சு நிறத்துக்கு மாறி, பிறகு மினுக்காமல் பச்சையாக நிற்கும். அப்போது விடலாம்.

சீக்கிரம் விட்டுவிட்டால் ஆபத்தில்லை. ஸ்விட்ச் வழக்கம்போல எழுந்து பழைய பாஸ்வேர்டைக் கேட்கும், மறுபடி முதலிலிருந்து செய்யலாம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மின்சாரத்தைப் பிடுங்காமல், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்சிலேயே மோட் பட்டனை 10 விநாடிபோல அழுத்திப் பிடித்தால், ஸ்விட்ச் தன் அமைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பெட்டியாக மறுபடி எழும். பட்டன் ஒன்றுதான், எந்த நேரத்தில் அழுத்துகிறோம் என்பதில்தான் மீட்பும் அழிப்பும் பிரிகின்றன.

சரியாகச் செய்திருந்தால் லேப்டாப் திரையில் இப்படி வரும்:

```
The system has been interrupted prior to initializing the
flash filesystem.
...
switch:
```

இயங்குதளம் இன்னும் எழவில்லை. அதை எழுப்பும் சின்ன நிரல் மட்டும் விழித்துக்கொண்டு, என்ன செய்யட்டும் என்று கேட்கிறது. சிறிய எழுத்தில் `switch:` என்று முக்காற்புள்ளியோடு நிற்பதைக் கவனியுங்கள். பிறகு இயங்குதளம் எழுந்ததும் பெரிய எழுத்தில் `Switch>` என்று வரும். நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும் அடையாளம் இதுதான்.

இந்த நிலையில் ஃபிளாஷ் நினைவகம்கூட இன்னும் திறக்கவில்லை. முதல் கட்டளையால் அதைத் திறக்க வேண்டும். இரண்டாவது கட்டளை, உள்ளே என்னென்ன கோப்புகள் என்று காட்டும்.

```
flash_init
dir flash:
```

பட்டியலில் `config.text` இருக்கும். `vlan.dat` இருக்கும், வி-லேன்களின் எண்ணும் பெயரும் அதில்தான். `.bin` என்று முடியும் ஒரு பெரிய கோப்போ, அதைத் தாங்கிய கோப்புறையோ இருக்கும். அதுதான் இயங்குதளம். அதைத் தொடவே கூடாது. தெரியாமல் அழித்துவிட்டு இதே கன்சோல் வழியாக மறுபடி ஏற்ற வேண்டி வந்தால், 10 எம்.பி. கோப்பு ஒன்று 9600 வேகத்தில் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். `format` என்ற கட்டளையும் இங்கே கிடைக்கும். இணையத்தில் யாரோ எழுதியதைப் பார்த்து அதைத் தட்டிவிடாதீர்கள்.

நாம் செய்யப்போவது ஒரே ஒரு பெயர் மாற்றம்.

```
rename flash:config.text flash:config.text.old
boot
```

கோப்பு அழியவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் ஸ்விட்ச் `config.text` என்ற பெயரைத்தான் தேடும். கிடைக்காததால், கடையிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி எழும். சில நிமிடங்கள் திரையில் வரிகள் ஓடும். கடைசியில் ஆரம்ப அமைப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறீர்களா என்று கேட்கும். `no` என்று தட்ட வேண்டும். `Switch>` வந்ததும் `enable` என்று தட்டினால், எந்தப் பாஸ்வேர்டும் கேட்காமல் `Switch#` என்று மாறும். அந்த `#` குறிதான் நிர்வாகியின் அதிகாரம். இப்போது நாம் உள்ளே இருக்கிறோம்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் இதுதான். உள்ளே வந்த உற்சாகத்தில் பலர் உடனே புதிய பாஸ்வேர்டைப் போட்டுச் சேமித்துவிடுகிறார்கள். சேமித்தது எதை? செயல் நினைவகத்தில் இப்போது இருப்பது வெற்று அமைப்பு. சிஸ்கோ தன் கையேட்டில், பெயர் மாற்றிய கோப்பை முதலில் பழைய பெயருக்கே திருப்பிவிட்டு, பிறகு அதை ஏற்றச் சொல்கிறது. முறை சரிதான். ஆனால் பெயரைத் திருப்பியபின், ஏற்றுவதற்கு முன் கை தவறிச் சேமித்துவிட்டால், வெற்று அமைப்பு நல்ல கோப்பின் மேலேயே எழுதப்பட்டுவிடும். அதன் பிறகு மீட்க ஒன்றும் இல்லை. அதனால் பெயரைத் திருப்பாமல், `.old` கோப்பிலிருந்தே நேராக ஏற்றிக்கொள்வதே மேல் என்பேன்.

```
copy flash:config.text.old system:running-config
```

எந்தப் பெயரில் ஏற்றட்டும் என்று கேட்கும், எண்டர் தட்டினால் போதும். அடுத்த கணம் திரையைப் பாருங்கள். `Switch#` என்று இருந்த இடத்தில் `LAB-SW1#` என்று, பழைய நிர்வாகி வைத்த பெயர் வந்து நிற்கும். ஸ்விட்சுக்குத் தன் பெயர் ஞாபகம் வந்துவிட்டது என்றால் மற்றதெல்லாமும் வந்துவிட்டது என்று அர்த்தம். பெயர் மாறவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். எதையும் சேமிக்காதீர்கள், கோப்பின் பெயரைச் சரியாகத் தட்டினோமா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் எழுந்து டீ குடிக்கப் போகக் கூடாது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கன்சோலில் 10 நிமிடம் எதுவும் தட்டாமல் இருந்தால் ஸ்விட்ச் தானாகவே வெளியே தள்ளிவிடும், பொதுவான அமைப்பு அதுதான். பழைய அமைப்பு ஏறிவிட்டதால் வாசலில் பழைய பாஸ்வேர்டு மறுபடி காவலுக்கு வந்திருக்கும். பவர் கார்டைப் பிடுங்குவதிலிருந்து எல்லாம் திரும்பவும் ஆரம்பிக்க வேண்டும். ஆகவே கையோடு பூட்டை மாற்றிவிடுங்கள்.

```
configure terminal
enable secret NewPassword
line console 0
password NewPassword
exit
```

`NewPassword` என்ற இடத்தில் உங்கள் பாஸ்வேர்டு. ஸ்விட்ச் முன்பு `Username:` என்று கேட்டிருந்தால், பயனர் பெயருக்கு உரிய பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். `do show running-config` என்று தட்டி, `username` என்று தொடங்கும் வரிகளையும், `line vty` என்ற தலைப்பின் கீழுள்ள வரிகளையும் பார்த்தால் எந்தெந்தக் கதவுகளுக்குப் பூட்டு இருக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. பழையவர் எந்தப் பாஸ்வேர்டை யாரிடம் சொல்லி வைத்தார் என்று நமக்குத் தெரியாது.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று நினைக்கும்போது ஒரு சின்ன வினோதம் காத்திருக்கும். கணினிகள் வேலை செய்யும், ஆனால் நெட்வொர்க் வழியாக ஸ்விட்சை எட்ட முடியாது. காரணம் சுவாரசியமானது. நம் கல்லூரியில் ஸ்விட்சின் ஐ.பி. முகவரி வி-லேன் 1 இடைமுகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அமைப்பே இல்லாமல் எழும்போது அந்த இடைமுகம் அணைந்த நிலையில் இருக்கும், அதற்கு `shutdown` என்று பெயர். இயங்கு என்ற சொல் அமைப்புக் கோப்பில் எழுதப்படுவதில்லை, அணைத்து வை என்பது மட்டுமே எழுதப்படும். எழுதாதது எல்லாம் இயங்குகிறது என்று பொருள். நாம் கோப்பை ஏற்றியபோது, அது ஏற்கெனவே இருந்த அமைப்பை நீக்கிவிட்டு உட்காரவில்லை, அதோடு கலந்தது. ஐ.பி. முகவரி வந்து சேர்ந்தது. ஆனால் அணைந்திருப்பதை எழுப்பு என்று சொல்ல அந்தக் கோப்பில் ஒரு வரியும் இல்லை. அதனால் நாமே சொல்ல வேண்டும்.

```
interface vlan 1
no shutdown
end
```

இப்போது கழற்றி வைத்த மேலிணைப்புக் கேபிளைச் செருகுங்கள். கன்சோலை மூடாமல், வேறொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாகப் புதிய பாஸ்வேர்டில் லாகின் செய்து பாருங்கள். உள்ளே விட்டால் மட்டும் சேமிக்கலாம். கன்சோலில் தட்ட வேண்டிய கட்டளை இது:

```
copy running-config startup-config
```

புதிய `config.text` ஒன்று உருவாகும். பழையது `.old` என்ற பெயரில் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கும். ஒரு முறை `reload` கொடுத்து, தானாக எழுந்து புதிய பாஸ்வேர்டைக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு வாரம் கழித்து, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியானதும் அந்தப் பழைய கோப்பை அழித்துவிடலாம். மூன்றாவது வி-லேன் போட்டு கேமராக்களைச் சேர்ப்பது அதற்கப்புறம் ஐந்து நிமிட வேலை.

எல்லா ஸ்விட்சிலும் இது அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே ஸ்விட்ச்போல இயங்கும் அடுக்குகள் என்றால், மற்றவற்றையெல்லாம் அணைத்துவிட்டுத் தலைமை ஸ்விட்சில் மட்டும் செய்ய வேண்டும். 3850, 9300 போன்ற பிந்தைய சிஸ்கோ வகைகளில் கோப்பின் பெயரை மாற்றுவதில்லை. `switch:` என்ற இடத்தில் `SWITCH_IGNORE_STARTUP_CFG=1` என்று தட்டினால், கோப்பு இருந்தாலும் படிக்காமல் எழும். வேலை முடிந்ததும் அந்த 1-ஐத் திரும்ப 0 ஆக்க மறந்துவிட்டால், அடுத்த மின்வெட்டில் ஸ்விட்ச் மறுபடி எல்லாவற்றையும் மறந்து வெறுமையாக எழும். வேறு நிறுவனங்களின் ஸ்விட்சுகளுக்கு அவரவர் கையேடுதான் கதி. எண்ணம் ஒன்றாகவே இருந்தாலும் பட்டனும் கட்டளையும் மாறும்.

இவ்வளவையும் செய்துவிட்டு, பட்டனைச் சரியாக அழுத்தியும், திரையில் இப்படி வந்தால் என்ன செய்வது?

```
The password-recovery mechanism has been triggered, but
is currently disabled.
```

பழைய நிர்வாகி `no service password-recovery` என்ற கட்டளையைப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். ஸ்விட்ச் அதற்கு மேல் ஒரே ஒரு பேரம்தான் பேசும். எல்லா அமைப்பையும் அழித்து ஆரம்ப நிலைக்குத் திருப்ப ஒப்புக்கொண்டால் உள்ளே விடுகிறேன் என்று `y/n` கேட்கும். `n` கொடுத்தால் வழக்கம்போல எழுந்து பழைய பாஸ்வேர்டையே கேட்கும். `y` கொடுத்தால் `config.text`, `vlan.dat` இரண்டும் போய்விடும், பெட்டி மட்டும் மிஞ்சும். எந்த போர்ட்டில் எது என்ற பட்டியல் கையில் இல்லாமல் இதற்கு `y` தட்ட வேண்டாம். முதலில் மேசை மேசையாகப் போய் அதை எழுதிக்கொண்டு வாருங்கள்.

அப்படி ஒரு கட்டளை எதற்கு இருக்கிறது என்றும் யோசித்துப் பார்க்க வேண்டும். இதுவரை சொன்ன அத்தனையையும், ரேக்கை எட்டக்கூடிய யார் வேண்டுமானாலும் செய்யலாம். எவ்வளவு நீளமான பாஸ்வேர்டும் அவரைத் தடுக்காது. பொது நடைபாதையில் பூட்டில்லாத ரேக் வைத்திருக்கும் இடங்களுக்கு அந்தக் கட்டளையில் நியாயம் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால், அந்தக் கட்டளையைவிட ரேக் கதவுக்கு ஒரு நல்ல பூட்டு மேல். அது திருடனையும் தடுக்கும், நாளைக்கு வரப்போகும் உங்கள் ஆளைக் கைவிடவும் செய்யாது. யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் `show version` என்று தட்டிப் பாருங்கள். ஸ்விட்ச் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று `uptime` வரி சொல்லும். மின்வெட்டே இல்லாத ஒரு வாரத்தில் அது இரண்டு நாள் என்று காட்டினால், யாரோ கார்டைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஸ்விட்ச் கைக்கு வந்த அன்றைக்கே, `show running-config` காட்டும் வரிகள் முழுவதையும் நகலெடுத்து ஒரு கோப்பில் போட்டு, நிர்வாகத்திடம் கொடுத்துவிடுங்கள். புதிய பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, கவரில் வைத்து ஒட்டி, தேதியும் கையெழுத்தும் போட்டு, முதல்வர் அறை பீரோவில் வையுங்கள். நீங்களும் ஒருநாள் அந்த வேலையை விட்டுப் போவீர்கள்.